மற்றக் காலும் போகும்போது முழங்காலைக் காப்பாற்றுவது: வன்னியில் ஒரு நிகழ்வு ஆய்வு

நான் வன்னியில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். இது எங்கள் வார்டுக்கு வந்த ஒருவரின் கதை, வந்த நாளிலிருந்து எட்டு மாதம் வரை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். கால் வெட்ட வேண்டும் என்று முடிவான பிறகு எங்கே வெட்டுவது என்ற கேள்வியை நாங்கள் எப்படி எடுத்தோம், எதில் பிழைவிட்டோம் என்பதுதான் இதில் முக்கியம்.

பின்னணி

ஐயாவுக்கு 57 வயது. குளத்துக்குக் கீழே இரண்டரை ஏக்கர் வயல், வீட்டு வளவில் கொஞ்சம் கச்சான். மீள்குடியேறி வந்த அடுத்த வருடம் பற்றை வெட்டப் போன இடத்தில் மிதிவெடியில் வலது கால் போனது, முழங்காலுக்குக் கீழே. அன்றிலிருந்து செயற்கைக் காலோடுதான் வரம்பில் நடந்தார், சைக்கிள் ஓடினார், உரமூட்டையும் தூக்கினார். 11 வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போவார், அறுவடைக் காலத்தில் போகமாட்டார்.

ஒரு கால் போனவரின் மற்றக் கால் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை நாங்கள் போதிய அளவு சொல்வதில்லை. செயற்கைக் கால் போட்டவர் தன்னை அறியாமலே பாரத்தை நல்ல காலில்தான் கூடப் போடுவார். அந்த நல்ல கால் சீனியால் விறைத்துப்போன கால் என்றால், குத்துவதும் தெரியாது, கொப்புளிப்பதும் தெரியாது. மாசியில், காலபோக வெட்டு முடிகிற நேரம், செருப்பைத் துளைத்துக்கொண்டு உடைமுள் ஒன்று இடது பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்கு நோகவில்லை. மூன்றாம் நாள் மனைவி செருப்பில் ஈரத்தைக் கண்டுதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மஞ்சள் அரைத்துக் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் மணம் தாங்க முடியாமல் லான்ட் மாஸ்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

வந்த அன்று கண்டது

கடைசி மூன்று விரல்களும் கறுத்து ஈரமாக இருந்தன. உள்ளங்காலில் அமத்தினால் சீழ் குதிக்கால் பக்கமாக ஓடியது, குதித்தோலும் ஊதா நிறத்துக்கு மாறிவிட்டது. காய்ச்சல் 39 பாகை, சீனி 412, ஹீமோகுளோபின் 9.1. பாதத்தில் இரண்டு நாடியும் தொட்டுப் பிடிக்க முடியவில்லை. முழங்காலுக்குப் பின்னால் உள்ள நாடி மெல்லியதாக, ஆனால் நிச்சயமாக, இருந்தது.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் விகிதம் 1.38 என்று வந்தது. அதை எழுதிவைத்த இளம் மருத்துவர் இரத்த ஓட்டம் பரவாயில்லை என்று நினைத்தார். இந்த இடத்தில் நிறையப்பேர் ஏமாறுகிறார்கள். நெடுங்காலச் சீனியில் காலின் இரத்தக் குழாய்ச் சுவரில் கல்சியம் படிந்து குழாய் விறைத்துவிடும், பட்டியை எவ்வளவு ஊதினாலும் அது நசியாது, அதனால் உள்ளே ஓட்டம் இல்லாவிட்டாலும் இலக்கம் பெரிதாகவே வரும். ஏறத்தாழ 1.3க்கு மேலே போனால் அந்த விகிதத்தை நம்பக்கூடாது.

எங்களிடம் விரல் அழுத்தம் அளக்கும் கருவியோ, தோலின் ஒட்சிசனை அளக்கும் கருவியோ இல்லை. நாடியின் ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கையடக்க டொப்ளரும் தையல்காரர் அளக்கிற நாடாவும் இருந்தன. நோயாளியை மட்டமாகப் படுக்கவைத்து, கணுக்கால் நாடியில் டொப்ளரை வைத்துக்கொண்டு காலை மெதுவாகத் தூக்க வேண்டும். சத்தம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரம்தான் அழுத்தம்: 13 செ.மீ. உயரத்துக்கு 10 மி.மீ. பாதரசம் என்று கணக்கு வரும். குழாய் விறைத்திருந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது, ஏனென்றால் இதில் எதையும் நசிப்பதில்லை. ஐயாவின் காலில் சத்தம் 40 செ.மீ. அளவில் நின்றது. அதாவது கணுக்காலில் ஏறத்தாழ 30 மி.மீ. புண் உள்ள காலில் 50க்குக் கீழே இருந்தாலே ஆறுவது கடினம். காலைத் தூக்கியபோது வெளிறியது, கட்டிலால் தொங்கவிட்டபோது சில நிமிடத்தில் செங்கறுப்பாக மாறியது. இரண்டும் ஒரே கதையைத்தான் சொன்னன.

முதல் முடிவு: அன்றிரவே கணுக்காலுக்கு மேலே

விரல்களை மட்டும் எடுப்பது, பாதத்தின் நடுவில் வெட்டுவது எல்லாம் அந்த 30 என்ற இலக்கத்தோடு முடிந்துவிட்டது. கணுக்கால் மூட்டில் வெட்டிக் குதித்தோலை மடித்துத் தைக்கும் முறைக்குக் குதித்தோல் உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் இல்லை. ஆனால் அன்றிரவே கடைசி மட்டத்தையும் தீர்மானித்திருந்தால் பிழைவிட்டிருப்போம். கிருமி மேலே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று தெரியாது, வீக்கத்தில் தோலின் உயிரையும் மதிப்பிட முடியாது. ஆகவே சத்திரசிகிச்சை நிபுணர் கணுக்காலுக்குச் சற்று மேலே நேராக வெட்டி, தைக்காமல் திறந்தே விட்டார். சீழ் போனது. மறுநாள் மாலை காய்ச்சல் இறங்கியது, மூன்றாம் நாள் ஐயா மகளிடம் தேத்தண்ணி கேட்டார்.

இரண்டாவது முடிவு: முழங்காலுக்கு மேலேயா கீழேயா

ஆறு நாள் அவகாசம் கிடைத்தது. அதற்குள் குழாய் ஸ்கேனுக்கு யாழ்ப்பாணம் அனுப்பி எடுத்தோம். முழங்காலுக்குப் பின்னால் உள்ள பெரிய குழாய் திறந்திருந்தது, அதற்குக் கீழே மூன்று கிளைகளும் துண்டு துண்டாக அடைபட்டிருந்தன. பைபாஸ் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்க நல்ல குழாய் கீழே ஒன்றும் இல்லை.

எங்கள் நிபுணர் முழங்காலுக்கு மேலே வெட்டுவதைத்தான் முதலில் விரும்பினார். அவருடைய காரணம் பலமானது. தொடையில் இரத்த ஓட்டம் நல்லது, ஒரே தடவையில் ஆறிவிடும், இரத்தப் புரதமான அல்புமின் 2.6 மட்டுமே இருக்கிற ஓர் உடம்பை மூன்றாம் தரம் மயக்கத்துக்குக் கொண்டுபோகத் தேவையிராது. முழங்காலுக்குக் கீழே வெட்டுகிறவர்களில் பத்துக்கு ஒருவரோ இருவரோ ஆறாமல் திரும்ப மேலே வெட்ட வேண்டி வருவதை எல்லோரும் கண்டிருக்கிறோம்.

நான் எதிர்ப் பக்கத்தில் நின்றேன். இரத்தக் குழாய் வருத்தம் உள்ள ஒருவர் முழங்காலுக்குக் கீழே போட்ட செயற்கைக் காலோடு நடக்கச் சாதாரண ஆளைவிட ஏறத்தாழ 40 வீதம் கூடுதல் சக்தி செலவழிக்கிறார், முழங்காலும் போனால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இவருக்கு வலது கால் ஏற்கெனவே செயற்கை. இடது முழங்காலும் போனால் கட்டிலிலிருந்து எழும்பக்கூட உந்திக்கொடுக்க ஒரு முழங்கால்தான் மிஞ்சும். எங்கள் மணல் ஒழுங்கைகளில் சக்கர நாற்காலி பத்தடி போகாது. மற்றவருக்கு முழங்கால் ஒரு வசதி என்றால், இவருக்கு வீட்டுக்குள் நடப்பதா இல்லையா என்பதே அதில்தான் தங்கியிருந்தது.

சரி, விருப்பம் வேறு, ஆறுமா என்பது வேறு. நிபுணரும் நானும் கட்டிலருகே நின்று சேர்ந்துதான் பார்த்தோம். முழங்காலிலிருந்து புறங்கையைக் கீழே இழுத்துக்கொண்டு போனால் கெண்டைக்காலின் நடுப்பகுதி தாண்டும் வரை சூடு இருந்தது, அதற்குக் கீழேதான் குளிர்ந்தது. வெட்டப்போகும் இடத்துத் தோலில் நிறமாற்றம் இல்லை. முழங்கால் நாடி கையில் பட்டது. அது பட்டால் அதற்குக் கீழே வெட்டிய புண் ஆறுவதற்கு வாய்ப்பு நல்லது, படாவிட்டாலும் சிலருக்கு ஆறும், ஆகவே அதை மட்டும் வைத்து மேலே போகக்கூடாது. முழங்கால் முழுதாக நீண்டது. ஆள் ஒன்பது நாளுக்கு முன்வரை நடந்த ஆள். படுக்கையிலேயே கிடந்து முழங்கால் மடிந்து இறுகிப்போன ஒருவராக இருந்தால் நானே மேலே வெட்டச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் பயன்படாத மடிந்த முழங்கால் புண்ணைத்தான் தரும்.

குடும்பத்தோடு இருந்து பேசினோம். இன்னொரு தரம் வெட்ட வேண்டி வரலாம் என்பதை நிபுணர் மறைக்காமல் சொன்னார். மனைவி அழுதார். ஐயா என்னைப் பார்த்து, “பிள்ளை, முழங்காலை விட்டுத் தாங்கோ. பிறகு வெட்டத்தான் வேணும் எண்டால் அப்ப வெட்டுங்கோ, நான் ஏசமாட்டன்” என்றார். நிபுணர் ஒரு நிபந்தனை வைத்தார்: உள்ளே கெண்டைத் தசை சிவந்து இரத்தம் கசியாவிட்டால் மேசையிலேயே முடிவை மாற்றி முழங்கால் மூட்டோடு எடுப்பது. அதற்கும் சேர்த்தே ஒப்பம் வாங்கினோம்.

சத்திரசிகிச்சை

ஏழாம் நாள், முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். முழங்கால் மூட்டிலிருந்து 13 செ.மீ. கீழே கணைக்கால் எலும்பு அறுக்கப்பட்டது, பக்கத்தில் உள்ள சிறிய எலும்பு அதைவிட ஒன்றரை செ.மீ. கட்டையாக. பெரிய எலும்பின் முன்முனையைச் சரிவாக அராவினார்கள், இல்லாவிட்டால் அந்த முனை பிறகு செயற்கைக் காலின் கிண்ணமான சொக்கெட்டில் உரசித் தோலைத் துளைக்கும்.

முன்பக்கத் தசை வெளிறி, கத்தி பட்டும் கசியாமல் இருந்தது. பின்பக்கக் கெண்டைத் தசை நன்றாகச் சிவந்து கசிந்தது. தோலும் தசையும் சேர்ந்த நீளமான பின்மடலை முன்னுக்குக் கொண்டுவந்து மூடுவதற்கு இதுதான் காரணம்: கெண்டைத் தசைக்குப் போகும் குழாய்கள் முழங்கால் மட்டத்தில், பெரிய குழாயிலிருந்தே பிரிகின்றன, ஆகவே கீழே மூன்று கிளையும் அடைபட்டாலும் அந்தத் தசைக்குச் சாப்பாடு கிடைக்கும். ஓட்டம் மோசமான முன்தோலை நம்பாமல், ஓட்டம் உள்ள பின்தசையையே எலும்புக்குப் போர்வையாக்குகிறோம். முழங்காலை நீட்டிய நிலையில் பின்பக்கம் பிளாஸ்ரர் அச்சு வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

முதல் இரண்டு மாதம்: பிழைகளும் நடந்தன

இந்தச் சத்திரசிகிச்சையிலிருந்து எண்ணி எட்டாம் நாள் தையலின் வெளிமூலையில் தோல் கறுத்தது, நீளம் இரண்டரை, அகலம் ஒரு செ.மீ. வார்டில் உடனே மேலே வெட்ட வேண்டும் என்ற கதை எழும்பிவிட்டது. நிபுணர் கையுறையோடு அமத்திப் பார்த்தார். காய்ந்திருந்தது, சுற்றியுள்ள தோல் சூடாக, சிவப்பில்லாமல் இருந்தது, அடியில் எலும்பு தட்டுப்படவில்லை, காய்ச்சலும் இல்லை. இது ஓரத் தோல் மட்டும் இறந்தது, மடல் இறக்கவில்லை என்றார். மடல் முழுதும் குளிர்ந்து நிறம் மாறினால், மணத்தோடு நீர் வந்தால், எலும்பு தெரிந்தால் கதை வேறு. தையலைச் சாதாரணமாக எடுக்கிற நாளில் எடுக்காமல் நாலாவது வாரம் வரை விட்டார்கள். மகள் தினமும் இரண்டு அவித்த முட்டையும் குளத்து மீனும் பயறும் கொண்டுவந்தார், சிறுநீரக அளவுகளைப் பார்த்துக்கொண்டு மருத்துவர் அதை அனுமதித்தார். அல்புமின் ஆறு வாரத்தில் 3.3க்கு வந்தது. மூலைப் புண் ஒன்பதாவது வாரம் மூடியது.

நோகடித்தது அந்தக் கறுப்பு அல்ல, ஒரு தலையணை. ஐந்தாம் நாள் கட்டு மாற்றும்போது பிளாஸ்ரர் அச்சைக் கழற்றினார்கள், திரும்பப் போடவில்லை. காலுக்குக் கீழே தலையணை வைத்தால் நோவு குறைகிறது என்று மனைவி கண்டுபிடித்தார், இரவு பகலாக வைத்தார். அவரில் பிழை இல்லை, ஏன் வைக்கக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மடித்தே வைத்த முழங்கால் மடிந்தபடியே இறுகும். நான் விடுமுறையில் இருந்த வாரம் அது. பதினாறாம் நாள் அளந்தபோது முழங்கால் முழுதாக நீள 18 பாகை குறைவாக இருந்தது. அது 25 தாண்டினால் சொக்கெட் பொருத்துவதே சிக்கல், அதற்குப் பிறகு காப்பாற்றிய முழங்காலுக்கு அர்த்தமில்லை. தலையணையை எடுத்தோம், அச்சைத் திரும்பப் போட்டோம், நாளுக்கு மூன்று தரம் அரை மணித்தியாலம் குப்புறப் படுக்க வைத்தோம், நீட்டும் பயிற்சி இரண்டு வேளை. ஏழு பாகைக்கு இறங்க ஆறு வாரம் எடுத்தது.

இரண்டாவது பிழை வலது பக்கத்தில். எல்லோரும் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலது செயற்கைக் கால் ஐந்து வாரம் கட்டிலுக்குக் கீழே பையில் கிடந்தது. அந்த ஐந்து வாரத்தில் வலது ஸ்டம்பின், அதாவது வெட்டி மிஞ்சிய காலின், தசை வற்றிவிட்டது. நாற்காலிக்கு மாறுவதற்காக அதைப் போட்டு நிற்கவைத்தபோது சொக்கெட் தளர்ந்து ஸ்டம்ப் உள்ளே அடிவரை இறங்கியிருக்கிறது. அவருக்கு அங்கும் உணர்வு குறைவு. கழற்றியபோது எலும்பு முனையில் ஒரு ரூபாக் குற்றியளவு கொப்புளம். இருக்கிற ஒரே காலும் பத்து நாள் தரையில் வைக்க முடியாமல் போனது. அந்தப் பத்து நாளும் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

செயற்கைக் காலுக்கு

வீட்டுக்குப் போகும்போது இழுபடும் பன்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாக மேலே போகப்போகத் தளர்வாகச் சுற்ற மகளுக்குப் பழக்கினேன். வட்டமாகச் சுற்றினால் கயிறு கட்டியதுபோல் நுனி வீங்கிவிடும். கிழமைக்கொரு தரம் ஒரே இடத்தில் நாடாவால் சுற்றளவு அளந்து கலண்டரில் எழுதச் சொன்னேன். 34.5இல் தொடங்கியது, 31க்கு வந்து மூன்று கிழமை அப்படியே நின்றது. சுற்றளவு நிற்பதற்கு முன் அச்சு எடுத்தால் வந்த சொக்கெட் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். பதின்மூன்றாவது வாரம் அச்சு எடுத்தார்கள்.

மிஞ்சிய ஏழு பாகை மடிப்பைச் செயற்கைக் கால் செய்பவர் சொக்கெட்டின் சாய்விலேயே உள்வாங்கினார். பாதத்துக்கு ரப்பரில் செய்யும் ஜெய்ப்பூர் பாதம். சப்பாத்து வேண்டாம், நனையலாம், சேறு பட்டால் கழுவலாம். வலதுக்கும் புதுச் சொக்கெட் செய்து, இரண்டு காலையும் பழைய உயரத்தைவிட 3 செ.மீ. குறைத்தார்கள். இரண்டு காலும் செயற்கை என்றால் உயரத்தை நாமே தீர்மானிக்கலாம், கட்டையாக இருந்தால் நிலை தளம்பாது. ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. சாரம் நிலத்தில் இழுபடுகிறது என்றார், பிறகு மடித்துக் கட்டப் பழகிக்கொண்டார்.

இரட்டைக் கம்பிக்குள் முதல் நாள் பதினைந்து நிமிடம். கழற்றித் தோலைப் பார்ப்போம். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில் சிவந்திருந்தால் நல்லது, பாரம் தாங்க வேண்டிய இடம் அது. எலும்பு நுனியிலோ வெளிப்பக்கச் சிறு எலும்பின் தலையிலோ சிவந்து பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அன்று நடை இல்லை, சொக்கெட் திருத்த வேண்டும். இரண்டு தடவை திருத்தினார்கள். அவருடைய தோல் அவருக்கு நோவு சொல்லாது என்பதால் மனைவிக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுத்து, கழற்றும் ஒவ்வொரு தரமும் பின்பக்கத்தைப் பார்க்கப் பழக்கினோம்.

எட்டாம் மாதம்

வீட்டுக்குள் ஒரு பொல்லோடு நடக்கிறார். படலையிலிருந்து கிரவல் றோட்டு வரை, ஏறத்தாழ 150 மீற்றர், இரண்டு பொல்லோடு போய்வருகிறார், நடுவில் ஒரு தரம் நிற்பார். மலசலகூடத்துக்குக் கொமட் நாற்காலி, கிணற்றடிக்குக் கைபிடிக் கம்பி. ஐப்பசி மழை தொடங்கியதும் வயல் வரம்பு அவருக்குச் சரிவரவில்லை, வழுக்கியது. விதைப்பை மருமகன் பார்த்தார், ஐயா வரம்பு முடிவில் நாற்காலி போட்டு இருந்தார். சேற்றுக்குள் இறங்குவது இனி நடக்காது. சைக்கிளும் இல்லை. முழங்காலுக்கு மேலே வெட்டியிருந்தால் இந்த 150 மீற்றரும் இருந்திருக்காது என்றுதான் நானும் நிபுணரும் நினைக்கிறோம்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

காலைத் தூக்கி அளக்கும் சோதனையை இப்போது சீனிக் கால் வருகிற எல்லோருக்கும் முதல் நாளே செய்கிறோம், கணுக்கால்-கை அழுத்த விகிதம் நல்லதாக வந்தாலும் செய்கிறோம். முழங்காலுக்குக் கீழே வெட்டியவரின் பிளாஸ்ரர் அச்சைக் கட்டு மாற்றக் கழற்றினால் அதே கையோடு திரும்பப் போட வேண்டும் என்று கட்டு அட்டையிலேயே எழுதியிருக்கிறது. தலையணை பற்றி மிஸ்ஸிமாருக்கு மட்டுமல்ல, இரவில் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் சொல்கிறோம், சொன்னதைத் திரும்பச் சொல்லவும் கேட்கிறோம்.

ஏற்கெனவே ஒரு செயற்கைக் கால் உள்ளவர் வந்தால் அதைக் கட்டிலுக்குக் கீழே வைக்க விடுவதில்லை. கட்டிலில் இருந்தபடியே என்றாலும் தினமும் ஒரு மணித்தியாலம் போட்டுக் கழற்ற வேண்டும், தளர்ந்தால் இன்னொரு சொக்ஸ் போட வேண்டும், முதல் தரம் எழுந்து நிற்பதற்கு முன் அந்த ஸ்டம்பையும் அளக்க வேண்டும்.

இன்னும் மாறாத ஒன்று இருக்கிறது. மிதிவெடியில் கால் போனவர்கள் செயற்கைக் கால் நிலையத்துக்கு ஒழுங்காக வருகிறார்கள், அங்கே வெட்டிய காலைப் பார்க்கிறார்கள், செயற்கைக் காலைத் திருத்துகிறார்கள். மற்றப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பவர் இல்லை. அவர்களுக்கும் இப்போது ஐம்பது, அறுபது வயதாகிவிட்டது, பலருக்குச் சீனி வந்துவிட்டது. நிலையத்துக்கு வரும் நாளிலேயே மற்றப் பாதத்தின் நாடியும் உணர்வும் பார்த்து ஓர் அட்டையில் எழுதும் ஒழுங்கைக் கேட்டு எழுதியிருக்கிறோம். ஐயாவின் மனைவி கிளினிக்குக்கு வரும்போது அந்தக் கைக்கண்ணாடியைப் பையிலேயே கொண்டுவருகிறார். போன தரம் வரிசையில் பக்கத்தில் இருந்தவர், அவருக்கும் ஒரு கால் இல்லை, அதை வாங்கித் தன்னுடைய மற்றப் பாதத்தின் அடியைப் பார்த்தார். குதியில் ஒரு வெடிப்பு இருந்தது. அன்றே கட்டுப் போட்டு அனுப்பினோம்.